ஃபைல் காப்பி செய்ய சார்ஜர் கேபிள் வேண்டாம்

வெளி எஸ்எஸ்டியில் ஃபைல் ஏற்ற, போனோடு வந்த டைப்-சி சார்ஜிங் கேபிளை எடுக்காதீர்கள்; எஸ்எஸ்டியோடு வந்த கேபிளையே போடுங்கள். இரண்டின் முனையும் ஒன்றுதான், உள்ளே ஓடும் கம்பிகள் வேறு. பெரும்பாலான சார்ஜிங் கேபிள்களில் அதிவேக டேட்டா கம்பிகளே இருக்காது. அதனால் வேகம் பழைய யுஎஸ்பி 2.0 அளவிலேயே, அதாவது விநாடிக்கு சுமார் 40 எம்பியில் நின்றுவிடும். 50 ஜிபி வீடியோ ஏற 20 நிமிடம் தாண்டும். 5 ஜிபிபிஎஸ் கேபிளில் இரண்டு நிமிடம் சொச்சம்தான்.

சார்ஜிங்கிலும் கேபிளுக்கு வரம்பு உண்டு. 60 வாட்டுக்கு மேல் போக, கேபிளின் முனைக்குள் அடையாளச் சிப் வேண்டும். அது இல்லாத கேபிளில் 100 வாட் லேப்டாப் சார்ஜரும் 60 வாட்டைத் தாண்டாது.

ஐபோன் 15 போல போர்ட்டே யுஎஸ்பி 2.0 என்றால், கேபிளை மாற்றியும் காப்பி வேகம் கூடாது.