கமிட்டி மீட்டிங்கை முக்கால் மணி நேரத்தில் முடிக்க, புதன்கிழமையே அனுப்ப வேண்டிய ஒரு பக்கம்

அபார்ட்மென்ட் அசோசியேஷனில் செயலாளர் பதவி உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்றால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். மீட்டிங் எப்படிக் கூட்டுவது, கோரம் எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் பைலாவில் இருக்கும், அதற்குள் நான் போகவில்லை. ஏழெட்டுப் பேர் கொண்ட நிர்வாகக் கமிட்டி ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடுகிறது, மொட்டைமாடி ஒழுகல் விஷயத்தை முடிவு செய்ய வேண்டும், மூன்று கான்ட்ராக்டர்களின் கொட்டேஷன் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதையே உதாரணமாக எடுத்துப் படிப்படியாகப் போகலாம். 48 வீடுகள், 6,000 சதுர அடி மாடி.

படி 1: அஜெண்டாவைக் கேள்வியாக எழுதுங்கள்

"1. மாடி வாட்டர்ப்ரூஃபிங் 2. நிதி 3. இதர விஷயங்கள்" என்று அனுப்பினால் யாரும் எதையும் யோசித்துக்கொண்டு வரமாட்டார்கள், ஏனென்றால் எதை யோசிப்பது என்று அதில் இல்லை. "மூன்றில் யாருக்கு வேலையைக் கொடுப்பது?" என்று எழுதுங்கள், பக்கத்தில் நிமிடத்தையும் அதைப் பேச்சாக எடுப்பவர் யார் என்பதையும் போடுங்கள். நான் அனுப்புவது இப்படி இருக்கும்:

> ஞாயிறு காலை 10.00 – 10.45, கிளப் ஹவுஸ்
> 1. மாடி வேலையை அ, ஆ, இ மூவரில் யாருக்குக் கொடுப்பது? (20 நிமிடம், செயலாளர்)
> 2. பணம் கார்ப்பஸிலிருந்தா, வீட்டுக்கு ரூ.11,500 தனி வசூலா? பொதுக்குழுவுக்கு எதைப் பரிந்துரைப்பது? (15 நிமிடம், பொருளாளர்)
> 3. வேலை நடக்கும்போது தினமும் மாடி ஏறிப் பார்ப்பது யார்? (5 நிமிடம்)
> இணைப்பு: ஒரு பக்கம். படிக்க ஐந்து நிமிடம்.

"இதர விஷயங்கள்" என்ற வரியை நான் போடுவதே இல்லை. பார்க்கிங் சண்டை, நாய், குப்பை எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. யாருக்காவது புது விஷயம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லட்டும், இல்லாவிட்டால் அடுத்த மாதம்.

படி 2: அந்த ஒரு பக்கம்

மூன்று கொட்டேஷனையும் அப்படியே பிடிஎஃப்பாக க்ரூப்பில் போட்டுவிட்டால் அனுப்பிய திருப்தி உங்களுக்குக் கிடைக்கும், படித்தவர் யாரும் இருக்கமாட்டார்கள். ஒன்று லெட்டர்ஹெட்டோடு நான்கு பக்கம், இன்னொன்று கையால் எழுதியதன் போட்டோ. படிக்கிறவர்களும் கடைசித் தொகையை மட்டும் பார்ப்பார்கள், அதுதான் ஆபத்து.

இந்த மூன்றையே பாருங்கள். அ: சதுர அடிக்கு 75 ரூபாய், மொத்தம் 4,50,000. இ: மொத்தமாக 4,80,000. ஆ: சதுர அடிக்கு 92 ரூபாய், மொத்தம் 5,52,000. மேலாகப் பார்த்தால் அ-தான் மலிவு, மீட்டிங்கில் முதல் ஆள் அதைச் சொல்லி முடித்துவிடுவார். ஆனால் அ-வின் கொட்டேஷனில் ஜிஎஸ்டி தனி என்று கடைசி வரியில் இருக்கும், அதோடு பழைய தளத்தை உடைத்து இடிபாட்டை அப்புறப்படுத்த சதுர அடிக்கு 12 ரூபாய் கூடுதல். இ-க்கு உடைப்பதும் அள்ளுவதும் சேர்ந்திருக்கிறது, ஜிஎஸ்டி மட்டும் தனி. ஆ-வில் எல்லாம் அடக்கம். 18 சதவீத ஜிஎஸ்டி போட்டு, உடைக்கும் கூலியையும் சேர்த்தால் அ 6,15,960 ஆகிறது, இ 5,66,400, ஆ அதே 5,52,000. வரிசை அப்படியே தலைகீழ்.

இந்தக் கணக்கை மீட்டிங்கில் உட்கார்ந்து ஆளுக்கொரு மொபைல் கால்குலேட்டரில் போட ஆரம்பித்தால் அரை மணி நேரம் போய்விடும். அதனால் பக்கத்தில் போட வேண்டியது எல்லாவற்றையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவந்த தொகை, வாரண்டி எத்தனை வருடம், கடைசித் தவணை எப்போது என்பவை மட்டும். கடைசித் தவணையை, தண்ணீர் தேக்கி ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு கேட்கிறார்களா, வேலை முடிந்த அன்றேயா என்பது பெரிய வித்தியாசம், அதற்கு ஒரு வரி கொடுங்கள். எந்த எண் கொட்டேஷனில் இல்லாமல் போனில் கேட்டு வாங்கியதோ அதன் பக்கத்தில் "போனில் சொன்னது" என்று குறியுங்கள். கீழே உங்கள் பரிந்துரை ஒரு வரி: "ஆ-வுக்குக் கொடுக்கலாம்." பரிந்துரை சொன்னால் திணிப்பதுபோல் ஆகாதா என்று சிலர் தயங்குவார்கள். ஆகாது, மறுக்க ஏதாவது கையில் இருந்தால்தான் மக்கள் கவனமாகப் படிப்பார்கள்.

படி 3: எப்போது, எப்படி அனுப்புவது

ஞாயிறு மீட்டிங்குக்குப் புதன் சாயங்காலம். அதற்கு முன்னால் அனுப்பினால் குட் மார்னிங் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும், சனிக்கிழமை அனுப்பினால் "இப்பதானே அனுப்பினீங்க" என்பார்கள். வாட்ஸ்அப்பில் Pin செய்யும்போது 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று கேட்கும், 7 நாள் போதும்.

கூகுள் டாக்ஸ் லிங்க் எனக்குப் பிடிக்காது. Share-இல் General access "Restricted" என்றே இருந்துவிட்டால், திறப்பவருக்கு "Request access" என்று வரும், எழுபது வயது பொருளாளர் அதை அழுத்திவிட்டுக் காத்திருக்கமாட்டார், மூடிவிடுவார். லிங்க்தான் வேண்டும் என்றால் "Anyone with the link", "Viewer" என்று மாற்றிவிட்டு, வேறு ஒரு போனில் திறந்து பாருங்கள். என் வழி: அஜெண்டா மெசேஜாகவே, அந்த ஒரு பக்கம் பிடிஎஃப்பாக, எழுத்து அளவு குறைந்தது 16. ஏ4 தாளில் 11-இல் அடித்தது மொபைலில் எறும்பு வரிசைதான்.

படி 4: பதில் கேளுங்கள்

நீல டிக் வந்தால் படித்தார் என்று அர்த்தமில்லை. "அ, ஆ, இ, யாருக்கு உங்கள் ஓட்டு, ஒரு காரணம், சனி இரவு 8-க்குள்" என்று கேளுங்கள். காரணம் கேட்பது முக்கியம், வாரண்டி பற்றியோ தவணை பற்றியோ ஒரு வார்த்தை வந்தால் பக்கத்தைத் திறந்திருக்கிறார். ஏழில் ஆறு பேர் ஆ என்றால் ஞாயிறன்று மாற்றி யோசிக்கும் அந்த ஒருவரின் கேள்வியிலிருந்தே தொடங்கலாம், மற்றதைப் பேசவே வேண்டாம்.

படி 5: மீட்டிங்கில் திரும்பப் படித்துக் காட்டாதீர்கள்

கையை வீசிக்கொண்டு வந்த ஒருவர் "சார், சுருக்கமா என்னன்னு சொல்லிடுங்க" என்பார். சொன்னால் தீர்ந்தது, படித்துவிட்டு வந்தவர் அடுத்த மாதம் படிக்கமாட்டார். நான்கைந்து பிரிண்ட் கையில் வைத்திருங்கள், முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் பேசாமல் படிக்கட்டும். அமேசானில் ஜெஃப் பெஸோஸ் 2004-இல் மேல்மட்டக் கூட்டங்களில் பவர்பாயிண்ட்டை நிறுத்திவிட்டு, ஆறு பக்கக் குறிப்பைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே அமைதியாகப் படிக்க வைத்தார், முன்கூட்டியே படித்துவிட்டதாகப் பாவனை செய்பவர்கள் அங்கேயும் உண்டு என்பதுதான் காரணம். நமக்கு ஆறு பக்கமெல்லாம் தாங்காது.

பிற்சேர்க்கை 1: கான்ட்ராக்டர் பெயரை ஏன் அ, ஆ, இ என்று போட்டேன் என்று கேட்டிருந்தார்கள். பிடிஎஃப் ஃபார்வர்டு ஆகும். வெள்ளிக்கிழமையே ஒருவர் போன் செய்து "அவரைவிட இரண்டு ரூபாய் குறைக்கிறேன்" என்றால் ஞாயிறு கணக்கு முழுக்கக் குலையும். பெயர்கள் மீட்டிங்கில் தெரிந்தால் போதும்.

பிற்சேர்க்கை 2: பதில் கேட்டதும் க்ரூப்பிலேயே விவாதம் வெடித்து, வியாழன் இரவே நூறு மெசேஜ் போய்விட்டது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். ஓட்டைத் தனி மெசேஜாக உங்களுக்கே அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் Poll-உம் வேண்டாம், யார் எதற்குப் போட்டார் என்று எல்லோருக்கும் தெரியும், தலைவர் போட்டதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் அதையே போடுவார்கள்.

பிற்சேர்க்கை 3: இது கமிட்டிக்கு மட்டும். 48 வீட்டையும் கூட்டும் பொதுக்குழுவுக்கு நோட்டீஸ் எத்தனை நாள் முன்னால், எந்த வடிவில் என்று பைலாவே சொல்லும், அதன்படிதான் போக வேண்டும், புதன் கணக்கு அங்கே செல்லாது. தனி வசூல் மாதிரியான விஷயம் நோட்டீஸில் இல்லாமல் அங்கே தீர்மானமாக வந்தால், பணம் கட்ட மனமில்லாதவர் முதலில் பிடிப்பது அதைத்தான்.