பதிவான ஒரு ஃபோன் காலுக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

கால் சென்டரில் குவாலிட்டி வேலைக்குப் புதிதாக வருபவர்கள் ஹெட்செட்டை மாட்டியதுமே படிவத்தைத் திறந்துகொண்டு டிக் அடிக்க ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். முதல் நிமிடத்தில் ஏஜென்ட் இனிமையாகப் பேசிவிட்டால், அதற்கப்புறம் அவர் செய்த தவறுகள் காதில் விழவே விழாது. அதனால் முதல் தடவை படிவத்தை மூடி வைத்துவிட்டு முழுக் காலையும் கேளுங்கள். வாடிக்கையாளர் எதற்காக அழைத்தார், அது தீர்ந்ததா என்று மட்டும் ஒரு வரியில் எழுதுங்கள்.

இரண்டாம் தடவை கேட்கும்போதுதான் படிவம். விளக்குவதற்காக நான் அமைத்த ஒரு காலையே எடுத்துக்கொள்வோம். இணைய இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படுகிறது என்று ஒருவர் அழைக்கிறார். படிவத்தில் மொத்தம் 100 மதிப்பெண்: வணக்கம் சொல்வது 5, அடையாளம் சரிபார்ப்பது 15, சரியான கேள்விகள் கேட்பது 15, வாடிக்கையாளர் சொன்னதை உள்வாங்குவது 10, ஹோல்டில் வைக்கும் முறை 10, சரியான தீர்வு 25, வேறு பிரிவுக்கு மாற்றும் முறை 10, காலை முடிப்பதும், புகாரைப் பதியும் டிக்கெட்டில் குறிப்பு எழுதுவதும் 10.

எங்கே மதிப்பெண் குறைத்தாலும் பக்கத்தில் நேரத்தைக் குறித்துவிடுங்கள். நேரம் போட முடியவில்லை என்றால் அது உங்கள் மனப்பதிவு, ஆதாரம் அல்ல.

இந்தக் காலில் 1:20-இல் வாடிக்கையாளர், "ரூட்டரை ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேங்க" என்கிறார். 1:52-இல் ஏஜென்ட், "சரிங்க சார், ஒரு தடவை ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்கிறார். உள்வாங்குவதற்கு 0. ஆனால் எந்த அறையில் துண்டிக்கிறது, எந்த நேரத்தில், எல்லாக் கருவிகளிலுமா என்று பிறகு நன்றாகவே கேட்டார். அதற்கு 15 முழுதாகப் போகட்டும். ஒரு தவறுக்கு இரண்டு இடத்தில் குறைக்கக் கூடாது.

3:10-இல் "ஒரு நிமிஷம்" என்று சொல்லி ஹோல்டில் போட்டவர் 5:45-இல்தான் திரும்பி வருகிறார். இந்தப் படிவத்தின்படி காரணம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும், 2 நிமிடத்துக்குள் ஒரு தடவை திரும்பி வந்து பேச வேண்டும். இரண்டும் நடக்கவில்லை, 0. அந்த நேரத்தில் சிஸ்டம் மெதுவாக இருந்திருக்கலாம். ஒலிப்பதிவில் திரை தெரியாது. அதனால் தாமதத்துக்கான காரணத்தை ஊகித்து எழுதாதீர்கள். திரும்பி வந்து சொல்லாததை மட்டும் எழுதுங்கள்.

மற்றவை சரி. டிக்கெட்டையும் திறந்து பாருங்கள். காலில் சொன்னதும் குறிப்பில் இருப்பதும் ஒன்றுதானா என்று. இங்கே ஒன்றுதான்.

இனி கணக்கு. பலரும் சறுக்குவது இங்கேதான். இந்தக் கால் வேறு பிரிவுக்கு மாற்றப்படவே இல்லை. மாற்றும் முறைக்கு 0 போட்டால் 70% வரும். "தப்பு செய்யலையே" என்று 10 போட்டால் 80%. இரண்டுமே தவறு. அதைப் 'பொருந்தாது' என்று குறித்து, மொத்தத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும்: 90-க்கு 70, அதாவது ஏறக்குறைய 78%. தேர்ச்சிக்கு 80% வேண்டும் என்றால், தாராளமாகப் போட்ட அந்தப் பத்து மதிப்பெண் ஒரு தோல்வியைத் தேர்ச்சி ஆக்கிவிடும்.

சரிபார்ப்புக்கு முன்பே கணக்கு விவரத்தைச் சொல்லியிருந்தால் கதையே வேறு. பல படிவங்களில் அது முழுக் காலையும் பூஜ்யமாக்கும் தவறு. அப்போதும் மற்ற வரிகளை நிரப்பிவிடுங்கள். பயிற்சிக் குறிப்புக்குத் தேவைப்படும்.

அப்புறம் குறிப்பு. "கவனமாகக் கேட்கவும், ஹோல்டு முறையைப் பின்பற்றவும்" என்று எழுதினால், நாளை எந்த வார்த்தையை மாற்றிச் சொல்வது என்று ஏஜென்டுக்குத் தெரியாது. உண்மையாகவே நன்றாகச் செய்த ஒன்று, மாற்ற வேண்டியது ஒன்று, அதற்குச் சொல்லிப் பார்க்க ஒரு வாக்கியம். இவ்வளவு போதும். மாற்ற வேண்டியது இரண்டு இருந்தாலும் வாடிக்கையாளரை அதிகம் உறுத்தியதை எடுங்கள். இந்தக் காலில் அது ரூட்டர்தான். 1:52-க்குப் பிறகு அவர் குரலே மாறிவிடுகிறது. ஹோல்டு விஷயம் படிவத்தில் இருக்கிறது, அடுத்த முறை பேசிக்கொள்ளலாம்.

நான் எழுதியிருப்பது இப்படி:

"2:30 முதல் நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளால், சிக்கல் ஒரே அறையில்தான் என்பது சீக்கிரம் தெரிந்தது. 1:20-இல் அவர் ரூட்டரை இரண்டு தடவை ஆன் செய்ததாகச் சொன்னார். 1:52-இல் அதையே மறுபடி செய்யச் சொன்னீர்கள். அடுத்த காலில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'ரெண்டு தடவை செஞ்சுட்டீங்க, சரிங்க. அப்போ அதை விட்டுட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.' மறுபடி செய்தே ஆக வேண்டும் என்றால், ஏன் என்று முதலில் சொல்லிவிடுங்கள்."

அனுப்புவதற்கு முன், மதிப்பெண் குறைத்த ஒவ்வொரு இடத்தையும் அதற்கு 20 நொடி முன்பிருந்தே இன்னொரு தடவை கேளுங்கள். ஒருமுறை இருமலுக்கு நடுவே ஏஜென்ட் அனுமதி கேட்டதைத் தவறவிட்டு, அவர் நேரம் குறித்துக் காட்டிய பிறகு நான் மதிப்பெண்ணைத் திருத்த வேண்டி வந்தது.