நைட் பஸ்ஸுக்குப் படம் டவுன்லோடு செய்பவர்கள் செய்யும் தவறுகள்

புதுச்சேரியில் இரவு பத்து மணிக்கு பெங்களூரு பஸ் ஏறுகிறோம், ஏழெட்டு மணி நேரம் ஆகும், அதனால் மூன்று படம் வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. பஸ் திண்டிவனம், செஞ்சி தாண்டித் திருவண்ணாமலையைத் தொடுவதற்குள் முக்கால்வாசிப் பேர் போர்வைக்குள் போயிருப்பார்கள். மறுநாள் ஆபீஸ் இருக்கிறவர் விழித்திருப்பது ஒன்றரை மணி நேரம், மிஞ்சிப்போனால் இரண்டு. படம் தேட வேண்டியது அந்த நேரத்துக்குத்தான்.

அதனால் ரொம்ப நாளாகப் பார்க்க நினைத்திருந்த துப்பறியும் படத்தை இந்தப் பயணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். நாம் கண் அசருவது போனுக்குத் தெரியாது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஓசூரில் விழித்துப் பார்த்தால் கொலைகாரனும் பிடிபட்டிருப்பான், சார்ஜும் தீர்ந்திருக்கும். சீரிஸ் என்றால் அடுத்தடுத்த எபிசோடு தானாக ஓடி, விட்ட இடமே தெரியாமல் போய்விடும். ஆட்டோபிளேயை வீட்டிலேயே அணைத்து வையுங்கள். ஏற்கெனவே பார்த்த காமெடிப் படம், அல்லது அரை மணி நேர எபிசோடுகள் இரண்டு மூன்று போதும். புதுப் படம்தான் வேண்டுமென்றால் இடைவேளை உள்ளதாகப் பாருங்கள். நம் படங்களில் பெரும்பாலும் ஒன்றேகால் மணி நேரத்தில் அது வந்துவிடும். அங்கேயே நிறுத்திவிட்டுப் படுத்தால் மிச்சத்தைத் திரும்பி வரும்போது பார்க்கலாம்.

அடுத்தது திரை. போர், புயல், ஆயிரம் பேர் கூட்டம் என்று தியேட்டருக்காக எடுத்த காட்சிகள் உள்ளங்கையில் எறும்பு ஊர்வதுபோல் தெரியும். ஆறரை அங்குல போனைப் படுக்கைவாட்டில் பிடித்தால் திரை சுமார் 15 செ.மீ. அகலம், ஏழு செ.மீ.க்குச் சற்றுக் குறைவான உயரம். சினிமாஸ்கோப் படம் அதில் கிட்டத்தட்ட முழுதாக நிறையும். பழைய கறுப்பு வெள்ளைப் படமோ நடுவில் ஒன்பது செ.மீ. அகலத்துக்குத்தான் வரும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. ஆனாலும் என் ஓட்டு பழைய படத்துக்குத்தான். அதில் முகங்கள் நெருக்கமாக இருக்கும், வசனமும் நிறுத்தி, தெளிவாக வரும். பஸ் இரைச்சலில் இது பெரிய விஷயம். கிசுகிசுப்பாகப் பேசிவிட்டுத் திடீரென்று வெடிக்கும் படத்துக்கு ராத்திரி முழுக்க வால்யூமைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி இடம். என் அத்தை பையன் போனில் நாலரை ஜிபி காலி இருந்தது. மூன்று படங்களை 1080p-யில் போட்டான். நொடிக்கு ஒரு மெகாபிட் வீதம் ஓடும் வீடியோ, மணிக்கு 450 எம்பி பிடிக்கும். அவன் எடுத்ததோ நொடிக்கு நாலு மெகாபிட். இரண்டு மணி நாற்பது நிமிடப் படம் ஒன்றுக்கே 4.8 ஜிபி ஆகிறது. முதல் படமே முடியாமல் பாதியில் நின்றது. போன் நிரம்பியதால் வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவும் இறங்கவில்லை. "ஏண்டா, இந்த உள்ளங்கை அகலத் திரைக்கு இவ்வளவு எதுக்கு?" என்று கேட்டேன். "கிளியரா இருக்கணும்ல மாமா" என்றான்.

அதே படத்தை நொடிக்கு ஒரு மெகாபிட்டில் எடுத்திருந்தால் 1.2 ஜிபிதான். கை நீட்டும் தூரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. சப்டைட்டிலை ஆப் தனியாக எழுதிக் காட்டுவதால் பொதுவாக அதுவும் மங்காது. வித்தியாசம் பளிச்சென்று தெரிவது இருட்டுக் காட்சிகளில்தான். குறைந்த தரத்தில் கறுப்பு, கட்டம் கட்டமாக உடையும். இருட்டிலேயே நடக்கும் பேய்ப் படம் என்றால் ஒரு படி மேலான தரத்தில் எடுங்கள், அல்லது வேறு படம் பாருங்கள். எப்படியும் ஒன்றிரண்டு ஜிபியைக் காலியாக விடுங்கள்.

டவுன்லோடு செய்த படம் கையில் இருப்பதாகவே நினைப்பதும் தவறுதான். ஓடிடி ஆப்கள் அதற்குக் கெடு வைக்கின்றன. சில படங்கள் ஒருமுறை ஓட ஆரம்பித்ததும் 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். நன்றாக இருக்கிறதா என்று முந்தின நாளே இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்தால் அந்தக் கடிகாரமும் ஓடத் தொடங்கிவிடும். மொழியும் அப்படித்தான். டவுன்லோடு செய்யும்போது தமிழ் ஆடியோவைத் தேர்ந்தெடுக்கவில்லையென்றால், சிக்னல் இல்லாத இடத்தில் மாற்ற முடியாமல் போகலாம். கிளம்பும் அன்று மாலை ஏரோபிளேன் மோடில் போட்டு ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். தமிழில் பேசுகிறதா, சப்டைட்டில் வருகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். ஏதாவது சரியில்லையென்றால் வீட்டு வைஃபையில் மறுபடி இறக்கிக்கொள்ளவும் நேரம் இருக்கும்.