சிக்குன்குனியாவா, டெங்குவா? மூட்டு வலியில் நடக்கும் தவறுகள்

இரண்டையும் பரப்புவது பகலில் கடிக்கும் அதே ஏடிஸ் கொசுதான். அதனால் ஒரே தெருவில், ஒரே மழைக்காலத்தில் இரண்டும் சேர்ந்தே பரவும். சிலருக்கு ஒரே சமயத்தில் இரண்டும் வந்திருக்கும். இது தெரியாததால் முதல் தவறு முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது. கை கால் மூட்டெல்லாம் வலிக்கிறது, அப்போ இது சிக்குன்குனியாதான் என்று வீட்டிலேயே முடிவு செய்து, மெடிக்கலில் டைக்லோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள், இல்லையென்றால் வலி ஊசி கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

48 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை இரவு திடீரென்று 103 டிகிரி காய்ச்சல். ஞாயிறு காலையில் இரண்டு மணிக்கட்டும் கணுக்காலும் வீங்கி, விரலை மடக்க முடியவில்லை, குழாயைத் திருக முடியவில்லை. இப்படி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, அதுவும் சின்ன மூட்டுகளில் வீக்கத்தோடு வலி வந்தால் சிக்குன்குனியா என்று சந்தேகிக்கலாம். டெங்குவில் வலி பெரும்பாலும் தசையிலும் முதுகிலும் கண்ணுக்குப் பின்னாலும் இருக்கும், மூட்டு வீங்குவது அரிது. ஆனாலும் முதல் சில நாட்களில் இதை மட்டும் வைத்து டெங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. டைக்லோஃபெனாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் மூன்றுமே ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களின் வேலையைக் கெடுப்பவை, வயிற்றையும் புண்ணாக்குபவை. ஏற்கெனவே தட்டணு குறைந்துகொண்டிருக்கும் டெங்கு நோயாளிக்கு இது ரத்தக்கசிவில் போய் முடியலாம். ஆகவே டெங்கு இல்லை என்று மருத்துவர் உறுதி செய்யும்வரை பாராசிட்டமால் மட்டும் போதும். ஈரல் நோய் இல்லாத பெரியவர்களுக்கு 650 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு மாத்திரைக்கு மேல் வேண்டாம். வலி முழுசாக அடங்காது, உண்மைதான். இருந்தாலும் அந்தச் சில நாட்களைப் பொறுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

புதன்கிழமை அவருக்குக் காய்ச்சல் இறங்குகிறது. "அப்பாடா, விட்டுது" என்று நினைப்பது அடுத்த தவறு. டெங்குவாக இருந்தால் ஆபத்தான ஒன்றிரண்டு நாட்கள் தொடங்குவதே அப்போதுதான். ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து, ரத்தம் கெட்டியாகும். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசதியோடு கை கால் சில்லிட்டுப் போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிக்குன்குனியா என்றால் தட்டணு பொதுவாக ஒரு லட்சத்துக்குக் கீழே போகாது. காய்ச்சல் போய்விடும், மூட்டு வலி மட்டும் போகாமல் தங்கிவிடும்.

ஏன் தங்குகிறது? இந்த வைரஸ் மூட்டின் உள்சவ்வுச் செல்களுக்குள்ளேயே புகுந்து பெருகுகிறது. அதை விரட்ட நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே கூட்டமாக வந்து சேர, சவ்வும் தசைநாண் உறைகளும் வீங்குகின்றன. ஒரு வாரம், பத்து நாளில் ரத்தத்திலிருந்து வைரஸ் போய்விடும். மூட்டுக்குள் கிளம்பிய அழற்சி அவ்வளவு சீக்கிரம் அணைவதில்லை. 2005-06இல் ரீயூனியன் தீவில் பெரிய அளவில் நோய் பரவியபோது பாதிக்கப்பட்ட ஒருவருக்கு, 18 மாதம் கழித்தும் மூட்டுச் சவ்வில் வைரஸின் மரபுப்பொருள் மிச்சம் இருந்தது. கொலம்பியாவில் நாட்பட்ட வலியோடு இருந்தவர்களின் மூட்டு நீரைச் சோதித்தபோது வைரஸ் எதுவுமே கிடைக்கவில்லை. அதாவது வைரஸ் போன பிறகும் அழற்சி தன்பாட்டில் தொடரக்கூடும். நாற்பதைத் தாண்டியவர்கள், பெண்கள், முன்பே மூட்டுத் தொல்லை உள்ளவர்கள், தொடக்கத்திலேயே கடுமையாக வலித்தவர்கள், இவர்களுக்குத்தான் வலி மாதக்கணக்கில் இழுக்கும் வாய்ப்பு அதிகம்.

இது புரியாமல்தான் பலர் மூன்றாம் மாதத்தில் மறுபடி, வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஐஜிஎம் எதிரணுவுக்கான சோதனை செய்து, பாசிட்டிவ் என்றதும் கிருமி இன்னும் உடம்பில் இருக்கிறது என்று பயப்படுகிறார்கள். அந்த எதிரணு சில மாதங்கள் ரத்தத்தில் தங்குவது இயல்பு. ஆன்டிபயாட்டிக்கால் எந்தப் பயனும் இல்லை.

இன்னொன்று, என்னை மிகவும் கவலைப்பட வைப்பது, முதல் வாரத்திலேயே போடும் ஸ்டீராய்டு ஊசி. மறுநாளே எழுந்து நடப்பார்கள், அதனால் அது நல்ல மருந்து என்று பேர் பரவிவிடுகிறது. மருந்தின் வீரியம் குறைந்ததும் வலி முன்னைவிடக் கடுமையாகத் திரும்பி வரலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அளவு எகிறிவிடும். பிற்பாடு தேவைப்பட்டால், மருத்துவர் கணக்காகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பது வேறு விஷயம்.

காய்ச்சல் விட்ட பிறகும் அசையாமல் படுத்தே கிடந்தால் மூட்டு இன்னும் இறுகும். காலையில் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து, மெல்ல விரலை மடக்கி விரிக்கலாம். கனமான குடத்தைத் தூக்குவதை மட்டும் தள்ளிப் போடுங்கள்.

மூன்று மாதமாகியும் வீக்கம் இருந்தால் மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள். முடக்குவாதமும் இதே மூட்டுகளில், இதே மாதிரி வரும். இரண்டையும் பிரித்தறிய ஆன்டி-சிசிபி என்ற ரத்தச் சோதனை உதவும். அழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மாத்திரைகள் தேவையா என்பதை அவர்தான் முடிவு செய்வார். போகும் முன் ஒரு வாரம், காலையில் எழுந்த பிறகு விறைப்பு விட எவ்வளவு நேரமாகிறது என்று எழுதி வையுங்கள். முக்கால் மணி, ஒரு மணி என்று நீண்டால் அழற்சி இன்னும் ஓயவில்லை என்று அவர் எடுத்துக்கொள்வார்.