ஸ்பான்சர் கேட்டு எழுதும் கடிதம் கம்பெனிக்குள் எங்கே நின்றுவிடுகிறது?

கஞ்சிக்கோட்டில் ஒரு வார்ப்பட ஆலையின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். டிசம்பர் பிறந்துவிட்டால் பாலக்காடு, சித்தூர் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்தும், வாளையார் தாண்டிக் கோவைப் பக்கத்திலிருந்தும் டெக் ஃபெஸ்ட் கடிதங்கள் வர ஆரம்பிக்கும். முதலாளி பார்த்த பிறகு அவை என் மேசைக்கு வரும். பிள்ளைகள் வெயிலில் பஸ் ஏறி, கேட்டில் காத்திருந்து கொடுத்த கடிதங்கள் அவை. முக்கால்வாசி பணமாக மாறாமல் ஃபைலுக்குள் போய்விடுவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன வருஷம் மெக்கானிக்கல் படிக்கும் மூன்று பேர் ஒரு கடிதம் கொண்டுவந்தார்கள். அதில் முதல் பக்கம் முழுக்கக் கல்லூரியின் பெருமை. இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம்: பிளாட்டினம் ஒரு லட்சம், கோல்டு ஐம்பதாயிரம், சில்வர் இருபத்தைந்தாயிரம். கொடுத்தால் மேடை பேனரில் லோகோ போடுவார்களாம். முதலாளி படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “லோகோ போட்டா நமக்கு யாருப்பா காஸ்டிங் ஆர்டர் கொடுக்கப் போறாங்க?”

அந்தக் கேள்வி நியாயமானதுதான். டூவீலர் ஷோரூமுக்கும் பேக்கரிக்கும் மாணவர்கள் வாடிக்கையாளர்கள். லோகோ அவர்களுக்குப் பயன்படும். பம்ப் உறைகளும் வால்வ் பாடிகளும் வார்க்கிற எங்களுக்கு அப்படியில்லை. எங்களுக்கு வேண்டியது டிராயிங் படிக்கத் தெரிந்த, சி.என்.சி. மெஷினுக்கு புரோகிராம் எழுதத் தெரிந்த பையன்களும் பெண்களும்தான். ஒரே கட்டத்தை எல்லாக் கம்பெனிகளுக்கும் நகல் எடுத்துக் கொடுப்பதுதான் இதில் உள்ள தவறு.

அந்த மூன்று பேரையும் உட்காரவைத்துக் கேட்டேன். அவர்கள் விழாவில் சி.என்.சி. புரோகிராமிங் போட்டி ஒன்று இருந்தது. ஆனால் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சரி, அந்தப் போட்டிக்கு மட்டும் என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டோம். பரிசுகள் 5,000, 2,500, 1,500 என்று 9,000 ரூபாய். அலுமினியம் ராடும் டூல் இன்சர்ட்டும் சேர்த்து 4,000. சான்றிதழ், அச்சுச் செலவு 2,000. ஆக மொத்தம் 15,000. புதுக் கடிதத்தில் அந்தத் தொகையைத்தான் கேட்டார்கள். போட்டிக்குக் கம்பெனியின் பெயர், நடுவராக எங்கள் மெஷின் ஷாப் சூப்பர்வைசர், இறுதிச் சுற்றுக்கு வரும் பத்துப் பேருக்கு ஒருநாள் ஆலையைச் சுற்றிப் பார்க்க அனுமதி என்றும் எழுதினார்கள். பழைய கடிதத்தில் “ஈராயிரம் பேர் பங்கேற்பார்கள்” என்றிருந்ததை, முந்தைய வருஷப் பதிவேட்டைப் பார்த்து 340 என்று மாற்றச் சொன்னேன். பெரிய எண்ணைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம்தான் வரும். 340 பேர், அதில் இந்தப் போட்டிக்கு 46 பேர் என்று எழுதினால் நம்புவார்கள்.

அடுத்த தவறு ஒரு சொல்லில் இருக்கிறது. பல கடிதங்களில் ஒரு பத்தியில் ‘நன்கொடை’, அடுத்ததில் ‘ஸ்பான்சர்ஷிப்’, கடைசியில் ‘உங்கள் சி.எஸ்.ஆர். நிதியிலிருந்து’ என்று வரும். எழுதுகிறவர்களுக்கு மூன்றும் ஒன்றாகத் தெரியலாம். எங்களுக்கு அவை மூன்று வெவ்வேறு கணக்குகள்.

சி.எஸ்.ஆர். என்பது லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டிய கடமை. அது எல்லாக் கம்பெனிகளுக்கும் கிடையாது. 2013-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டப்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றையாவது எட்டிய கம்பெனிக்குத்தான் அந்தக் கடமை. கஞ்சிக்கோட்டில் இருக்கிற சிறு யூனிட்டுகள் பலவும் அந்த வரம்பை எட்டாது. வரம்பைத் தாண்டிய பெரிய கம்பெனியாக இருந்தாலும், தன் பொருளுக்கு விளம்பரம் கிடைப்பதற்காகக் கொடுக்கும் ஸ்பான்சர் தொகையை சி.எஸ்.ஆர். செலவாகக் காட்ட முடியாது. 2021-இல் திருத்திய விதிகளே அதைத் தெளிவாக விலக்கிவிட்டன. ஆக, லோகோவும் போட்டு சி.எஸ்.ஆர். பணமும் கேட்டால் ஆடிட்டர் அங்கேயே நிறுத்திவிடுவார்.

நன்கொடைக்கும் ஸ்பான்சருக்கும் நடுவே வரி நிற்கிறது. எங்களுடையது பிரைவேட் லிமிடெட். டிரஸ்ட் நடத்தும் கல்லூரிக்கு நாங்கள் ஸ்பான்சர் பணம் கொடுத்தால், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யைக் கட்ட வேண்டியது நாங்கள், கல்லூரி அல்ல. 15,000 கொடுத்தால் 2,700 வரியாகக் கட்டிக் கணக்கில் காட்ட வேண்டும். கைமாறு எதுவும் எதிர்பார்க்காமல் கொடுக்கும் நன்கொடைக்கு அந்த வரி இல்லை. ஆனால் போட்டிக்கே எங்கள் பெயரை வைத்துவிட்டு ‘நன்கொடை’ என்று எழுதினால் அது பிற்பாடு எங்களுக்குத் தலைவலி. அதனால் கம்பெனி பெயருக்கு விளம்பரம் கொடுக்கிறீர்கள் என்றால் தொடக்கம் முதல் முடிவு வரை ‘ஸ்பான்சர்’ என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள். வருமான வரி விலக்கு ரசீது தருவோம் என்று கல்லூரி அலுவலகத்தைக் கேட்காமல் எழுதிவிடாதீர்கள்.

பணம் கொடுக்கலாம் என்று முடிவான பிறகும் நின்றுபோகிற இடம் ஒன்று உண்டு. யார் பெயருக்கு செக் போடுவது என்பது கடிதத்தில் இருக்காது. இருந்தால் ஃபெஸ்ட்டின் பெயர் இருக்கும். அந்தப் பெயரில் வங்கிக் கணக்கே கிடையாது. ஒரு கல்லூரிக்கு அப்படிக் கொடுத்த செக் திரும்பி வந்தது. பொருளாளராக இருந்த பையன் தன் சொந்த ஜிபே நம்பரைக் கொடுத்து இதில் அனுப்பிவிடுங்கள் என்றான். நல்ல பையன்தான். ஆனால் ஒரு தனி ஆளின் கணக்குக்குப் போகும் பணத்தை நான் எந்தத் தலைப்பில் எழுதுவது? கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, பாஸ்புக்கில் இருக்கிறபடியே எழுத்துப் பிசகாமல் கணக்கின் பெயர், எண், ஐ.எஃப்.எஸ்.சி. மூன்றையும் கடிதத்தின் கீழே போடுங்கள். பிரின்சிபால் கையெழுத்தும் கல்லூரி முத்திரையும் லெட்டர்ஹெட்டில் இருக்கட்டும். வாங்கின செக்கை மேசை டிராயரிலேயே வைத்துவிட வேண்டாம். தேதியிலிருந்து மூன்று மாதம்தான் அது செல்லும்.

எப்போது போவது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் வராதீர்கள், கணக்கு முடிக்கும் மாதம், யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஓணத்துக்கு முந்தின வாரங்களும் வேண்டாம். போனஸ் கொடுத்துக் கை வறண்டிருக்கும். பிப்ரவரி விழாவுக்கு நவம்பரிலேயே வந்தால் நல்லது. அப்புறம், கேரளத்தில் பி.வி.சி. ஃபிளெக்ஸுக்குத் தடை இருக்கிறது. ‘ஃபிளெக்ஸ் வைப்போம்’ என்று எழுதாமல் துணி பேனர் என்று எழுதுங்கள்.

கடிதத்தை எங்கள் மேனேஜர் மலையாளத்தில் விசாரிப்பார், முதலாளி கோவைத் தமிழில் கேட்பார். எழுதுவது ஆங்கிலத்தில் இருந்தாலும், கொண்டுவருபவர்களில் இரண்டையும் பேசத் தெரிந்த ஒருவர் இருந்தால் பேச்சு சுலபமாகப் போகும். அந்த மூவரில் ஒருத்தி அப்படி இரண்டிலும் பேசினாள். பத்தே நிமிஷம்தான். முதலாளி கடிதத்தின் ஓரத்தில் ‘15,000, ஓகே’ என்று எழுதி என்னிடம் அனுப்பினார். விழா முடிந்த நான்காம் நாள், அதே பெண் பரிசு வாங்கியவர்களின் பட்டியலையும் அலுமினிய ராடு வாங்கிய பில்லையும் கொண்டுவந்து கொடுத்தாள். மிச்சம் 380 ரூபாயை என்ன செய்வது என்று கேட்டாள்.