களைப்பு தீரவில்லையா? பயிற்சி அளவைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்தில் நான் நடத்தும் சிறிய உடற்பயிற்சிக் கூடத்துக்கு வரும் கல்லூரி மாணவன் ஒருவன், போன வாரம் தன் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினான். நெஞ்சுக்கு மட்டும் வாரத்துக்கு 24 செட் எழுதியிருந்தான். "அண்ணா, பெஞ்ச் பிரஸ்ஸில் எடை ஏறவே மாட்டேன் என்கிறது. இன்னும் ஒரு பயிற்சி சேர்த்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டான். நான்கு நாளாகத் தோள் வலிக்கிறது, இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, வகுப்பில் உட்கார முடியவில்லை என்பதையெல்லாம் நான் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னான். அவனுக்கு அவை வேறு விஷயங்களாகத் தெரிந்திருக்கின்றன.

இருபத்தாறு வயதில் நானும் இதே இடத்தில் நின்றேன். ஆகவே உடம்பைச் சூடேற்றாமல் தொடங்குவது, தண்ணீர் குடிக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை யாரும் சொல்லிவிடுவார்கள்.

வலியை மட்டும் வைத்து முடிவு செய்வது

புதிய பயிற்சி செய்தால் வலிக்கும். மறுநாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு தணியும். பல மாதம் தண்டாலும் பஸ்கியும் எடுத்துப் பழகியவர்கூட முதல்முறை லஞ்சஸ் செய்தால் படி இறங்கச் சிரமப்படுவார். அதே பயிற்சியை அடுத்த வாரம் செய்யும்போது வலி பாதியாகக் குறைந்துவிடும். இது அளவு கூடியதற்கான அடையாளம் இல்லை.

கவனிக்க வேண்டிய வலி வேறு. ஆறு வாரமாக ஒரே பயிற்சிகளைச் செய்துவருகிறீர்கள். அதே தசைக்கு அடுத்த முறை வரும் நாளிலும் பழைய வலி போகவில்லை. இப்படி இரண்டு மூன்று முறை தொடர்ந்தால், செய்த வேலைக்கு உடம்பு ஈடுகொடுக்கவில்லை என்று பொருள். அப்போதும் வலியை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். நோட்டைத் திறந்து பாருங்கள்.

எண்ணிக்கை குறையும்போது செட்டைக் கூட்டுவது

இந்த ஒன்றைப் பார்க்கும்போதுதான் இன்றுவரை எனக்குக் கோபம் வருகிறது.

இது ஏன் நடக்கிறது என்பது புரிகிறது. முதல் ஆறு மாதம் எதைக் கூட்டினாலும் பலன் கிடைக்கிறது. எட்டு செட்டைப் பன்னிரண்டு ஆக்கினால் எடை ஏறுகிறது. உடம்பு கேட்பது கூடுதல் வேலையைத்தான் என்று மனம் பழகிவிடுகிறது. பிறகு ஒரு நாள் எடை நின்றுபோகும்போது, அதே மருந்தை இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறோம். உழைப்பு போதவில்லை என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம்.

ஆனால் ஒரு நாளின் பலம் என்பது வளர்ந்த வலிமையும் அதன்மேல் படிந்திருக்கும் களைப்பும் சேர்ந்தது. குளம் கலங்கியிருக்கும்போது படித்துறையின் அடிப்படி கண்ணுக்குத் தெரியாது. படி கரைந்துபோகவில்லை, அங்கேதான் இருக்கிறது. கலங்கல் தெளிய வேண்டும். வலிமை மெதுவாகத்தான் இறங்கும், களைப்பு சில நாளில் இறங்கிவிடும். அதனால்தான் ஒரு வாரம் வேலையைக் குறைத்தால் எண்ணிக்கை திரும்ப ஏறுகிறது. செட்டைக் கூட்டுகிறவர் தெளியத் தொடங்கும் குளத்தில் மறுபடியும் இறங்கிக் கலக்குகிறார்.

நான் கலக்கினேன். 85 கிலோவை ஆறு முறை தூக்கிக்கொண்டிருந்தவன் நான்கு முறைக்கு இறங்கினேன். செட்டைக் கூட்டினேன். மூன்றுக்கு இறங்கியது. மறுபடி கூட்டினேன். தோளின் தசைநாண் வீங்கி, ஏழு மாதம் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சட்டை மாட்ட முடியாமல் இருந்தேன். இரண்டு வருட வளர்ச்சி போனது. முதல் இறக்கத்திலேயே ஒரு வாரம் பாதியாகக் குறைத்திருந்தால் இதில் பெரும்பகுதி தவிர்ந்திருக்கும்.

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு தம்பியின் கணக்கை விரிவாகச் சொல்கிறேன். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். அதில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், கயிறும் ஏற வேண்டும். மே மாத நடுவில் 80 கிலோ ஸ்குவாட்டை 8 முறை செய்தான். ஜூன் கடைசியில் அதே எடை 5 முறைதான் வந்தது. இடைப்பட்ட ஆறு வாரத்தில் காலுக்கான செட்டை வாரத்துக்கு 12-இலிருந்து 16, பிறகு 22 என்று ஏற்றியிருந்தான்.

ஒரு தசைக்கு வாரத்துக்கு 10 முதல் 20 கடினமான செட் என்பது பலருக்குப் பொருந்தும் வரம்பு. கடினமான செட் என்றால், இன்னும் இரண்டு மூன்று முறைக்கு மேல் செய்ய முடியாது என்ற நிலையில் நிறுத்துவது. அந்தக் கணக்கில் 22 கொஞ்சம்தான் கூடுதல் என்று தோன்றும். நோட்டில் எழுதாதவற்றைக் கேட்டேன். காலையில் வாரம் ஐந்து நாள் ஓட்டம். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதால் வீட்டில் குறுவை நடவு. பத்து நாளாக வரப்பு வெட்டியிருக்கிறான், முழங்கால் சேற்றில் நாற்றுக்கட்டு சுமந்து விளம்பியிருக்கிறான். "அது வீட்டு வேலைதானே அண்ணா" என்றான். காலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. உடல் எடையும் ஆறு வாரத்தில் 64-இலிருந்து 62 கிலோவுக்கு இறங்கியிருந்தது. வேலை ஏறியிருக்கிறது, சாப்பாடு ஏறவில்லை.

காலையில் எழுந்திருக்கும் முன் படுத்தபடியே நாடித்துடிப்பை எண்ணச் சொன்னேன். ஏப்ரலில் அவனே எழுதிவைத்திருந்தது 58. இப்போது நான்கு நாள் தொடர்ந்து 66, 67. ஒருநாள் ஏற்றத்துக்குப் பொருள் கிடையாது. முந்தைய இரவு சரியாகத் தூங்காவிட்டாலே ஏறும். தன் வழக்கமான எண்ணைவிட ஐந்து முதல் பத்து வரை கூடுதலாகப் பல நாள் நின்றால் கவனிக்க வேண்டும். ஏறவில்லை என்பதற்காக எல்லாம் சரி என்றும் எண்ணக் கூடாது. நீண்ட நாள் சோர்ந்த உடம்பில் அது ஏறாமலும் இருக்கும்.

பிறகு செய்தது மிக எளிது. ஒரு வாரத்துக்கு எல்லாச் செட்டையும் பாதியாக்கினோம். எடையைக் குறைக்கவில்லை. 80 கிலோவையே வைத்து, ஒவ்வொரு செட்டையும் 4 முறையோடு நிறுத்தினான். ஓட்டம் ஐந்து நாளிலிருந்து இரண்டு நாள், அதுவும் பேசிக்கொண்டே ஓடும் வேகம். வேறு எதையும் மாற்றவில்லை. சாப்பாட்டைக்கூட அந்த வாரம் தொடவில்லை. இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

அதுவரை இரவில் இடையிடையே விழித்துக்கொண்டிருந்தவன், ஐந்தாம் நாள் முழு இரவும் தூங்கினான். எட்டாம் நாள் நாடி 60. பத்தாம் நாள் 80 கிலோவை 8 முறை செய்தான், அடுத்த வாரம் 9. இதுதான் விடை. வேலையைக் குறைத்ததும் தூக்கமும் எண்ணிக்கையும் சேர்ந்து திரும்பினால், கூடியிருந்தது அளவுதான். அதன்பின் நடவு முடியும்வரை காலுக்கு வாரம் 10 செட்டில் நிறுத்தினோம். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு செட் வீதம் ஏற்றி, 14-இல் நின்றான். தினமும் மூன்று முட்டையும் இரவில் கூடுதலாக ஒரு கரண்டி சோறும் இந்தக் கட்டத்தில்தான் சேர்த்தான். ஓட்டம் மூன்று நாளாயிற்று, அதில் ஒரு நாள் மட்டும் வேகம்.

குறைக்கும் வாரத்தைக் கெடுத்துக்கொள்வது

செட்டைக் குறைத்த கையோடு, நேரம் கிடைத்ததே என்று மாலையில் இரண்டு மணி நேரம் கபடி ஆடப் போகிறார்கள். சிலர் எடையைக் குறைத்துவிட்டு அதே 22 செட்டைச் செய்கிறார்கள். அதில் களைப்பு இறங்காது, பலம் திரும்பியதா என்றும் தெரியாது. இன்னும் சிலர் மூன்றாம் நாள் உடம்பு லேசானதும் "இன்று எவ்வளவு வருகிறது பார்ப்போம்" என்று முழு எடையில் இறங்குகிறார்கள். ஏழு நாள் என்றால் ஏழு நாள்.

கத்தரி வெயில் காலத்துத் தூக்கத்தைப் பயிற்சிக் கணக்கில் எழுதுவது

மே மாதத்தில் டெல்டாவின் இரவுப் புழுக்கத்தில் மின்விசிறி நின்றால் யாருக்கும் தூக்கம் வராது. வீட்டில் மற்றவர்கள் தூங்கினார்களா என்று கேளுங்கள். எல்லோரும் புரண்டிருந்தால் அது வெயில். எல்லோரும் தூங்க, உங்களுக்கு மட்டும் உடம்பு அயர்ந்தும் நெஞ்சு படபடத்து இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால், நோட்டைத் திறக்க வேண்டிய நேரம். காரணம் வெயிலே என்று தெரிந்தாலும், தூக்கம் கெட்ட வாரங்களில் செட்டைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். தேறும் நேரம் குறைந்துவிட்டதே.

குறைத்தும் தீராத களைப்பை மேலும் குறைத்துத் தீர்க்கப் பார்ப்பது

எங்கள் கூடத்துக்கு வரும் ஆசிரியை ஒருவர், முப்பத்தெட்டு வயது. வாரம் மூன்று நாள், மொத்தமே மிதமான பயிற்சி. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். ஒரு வாரம் பாதியாக்கினோம், மாற்றமில்லை. இரண்டாம் வாரம் முழு ஓய்வு, அப்போதும் மாற்றமில்லை. மூன்றாம் வாரமும் ஓய்வு கொடுக்க நினைத்தது என் தவறு. அவரே மருத்துவரிடம் போனார். ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையோடு சில மாதத்தில் தேறிவந்தார், பழைய பயிற்சி அளவையே இப்போது எளிதாகச் செய்கிறார்.

இரண்டு வாரம் உண்மையாகக் குறைத்தும் களைப்பு அசையவில்லை என்றால், பயிற்சி அளவு அல்லாத காரணத்தைத் தேட வேண்டும். ரத்தம், தைராய்டு, சர்க்கரை, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம், அண்மையில் வந்துபோன டெங்கு. இவற்றை நோட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

மாலை ஆறு மணிக்கு டிகிரி காபி

அதிலுள்ள காஃபீனில் ஏறத்தாழப் பாதி இரவு பதினொரு மணிக்கும் உடம்பில் இருந்து தூக்கத்தைக் கெடுக்கும். மதியத்தோடு நிறுத்திவிட்டு ஒரு வாரம் பாருங்கள்.

கடும் வலியோடு சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போனால்

ஓய்வு வாரம் இல்லை, அன்றே மருத்துவமனை.