"டைட்டா இருக்கு" என்று திரும்பி வந்த பிளவுஸ்கள்: தையல் கடையில் புகார் நோட்டு போடுவது எப்படி

மேற்கு மாம்பலத்தில் அக்கா நடத்தும் தையல் கடைக்குக் கணக்கு பார்ப்பது நான்தான். தீபாவளி முடிந்த கையோடு ஒவ்வொரு வருஷமும் பிளவுஸ்கள் திரும்பி வரும், அக்கா சிரித்த முகத்தோடு வாங்கிப் பிரித்து விட்டுக் கொடுப்பாள், மாஸ்டரைத் திட்டுவாள், அத்தோடு மறந்துவிடும். அந்தத் திரும்பி வந்த துணிகளை வைத்தே ஒரு நோட்டு போட்டோம். அதே முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் கடை வேறு தொழிலாக இருந்தால் கட்டங்களின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. நோட்டில் என்னென்ன கட்டம்

நூறு பக்க நீள நோட்டு ஒன்று போதும். எக்செல் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் கல்லாவில் கூட்டம் நிற்கும்போது யாரும் கம்ப்யூட்டரைத் திறக்கப் போவதில்லை. நாங்கள் போட்ட கட்டங்கள்: புகார் வந்த தேதி, பில் நம்பர், தைத்துக் கொடுத்த தேதி, வாடிக்கையாளர் சொன்னது, துணியும் லைனிங்கும், வெட்டியவர், தைத்தவர், குறை எப்போது தெரிந்தது, அப்போதைக்கு என்ன செய்தோம், காரணம்.

இதில் "எப்போது தெரிந்தது" என்ற கட்டத்தை நான் முதலில் போடவில்லை, பத்துப் பதினைந்து புகார் வந்த பிறகுதான் சேர்த்தேன், கடைசியில் விஷயத்தைக் காட்டிக் கொடுத்தது அதுதான். கடையில் போட்டுப் பார்த்தபோதே பிடித்ததா, வீட்டில் முதல் தடவை கட்டியபோதா, துவைத்த பிறகா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

2. அவர்கள் சொன்ன வார்த்தையையே எழுதுங்கள்

"டைட்" என்று சுருக்கி எழுதாதீர்கள். "போன வாரம் துவைச்சுப் போட்டேன், கை மேல ஏறவே மாட்டேங்குது" என்று அந்த அம்மா சொன்னால் அப்படியே எழுதுங்கள். இரண்டு நிமிஷத்தில் சரிசெய்து அனுப்பியதும் நோட்டில் வர வேண்டும். இலவச ஆல்டரேஷன் எல்லாமே புகார்தான், கோபப்படாமல் கேட்டார்கள் என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

காரணக் கட்டத்தை மட்டும் அன்றைக்கே நிரப்பாதீர்கள். அன்றைக்கு எழுதினால் "மாஸ்டர் கவனக்குறைவு" என்றுதான் எழுதுவோம். அப்படி எழுதிவிட்டால் அதற்கப்புறம் யாரும் யோசிக்க மாட்டார்கள்.

3. எண்ணிப் பாருங்கள், ஆனால் ஆளை வைத்து ஆரம்பிக்காதீர்கள்

கார்த்திகையில் ஆரம்பித்து மூன்று மாதத்தில் 41 புகார் சேர்ந்தன. அதில் 19 "டைட்" வகை. அந்த 19-ல் 12 ஒரே தையல்காரர் தைத்தவை. அக்கா உடனே "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்றாள். ஆனால் பில் புத்தகத்தைப் புரட்டினால் கடையில் மூன்றில் இரண்டு பங்கு பிளவுஸ் அவர் தைப்பதுதான், அப்படியானால் 19-க்கு 12, 13 அவர் பெயரில் வருவதில் என்ன ஆச்சரியம்? யாருடைய பெயர் அதிகம் வருகிறது என்று பார்க்கும்போது அவர் மொத்தம் எத்தனை தைத்தார் என்பதையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதிகம் உழைக்கிறவர்தான் மாட்டுவார்.

அடுத்து அதே 19-ஐ "எப்போது தெரிந்தது" கட்டத்தை வைத்துப் பிரித்தேன். 14 துவைத்த பிறகு. அந்த 14-ம் காட்டன் லைனிங் கொடுத்துத் தைத்தவை, வீட்டில் தண்ணீரில் துவைத்தவை. டிரை கிளீனிங் கொடுக்கும் பட்டு பிளவுஸ் ஒன்றுகூட இல்லை. தைத்துக் கொடுத்த தேதியைப் பார்த்தால் 11 ஐப்பசியில். மிச்சம் இருந்த 5, பழைய அளவு பிளவுஸ் கொடுத்துவிட்டு நடுவில் உடம்பு போட்டவர்கள், அதை விடுங்கள்.

4. சந்தேகத்தைத் துணியிலேயே சோதியுங்கள்

திரும்பி வந்த ஒன்றை உள்பக்கம் திருப்பிப் பார்த்தோம். லைனிங் விறைப்பாக இழுத்துக்கொண்டிருக்க, மேல்துணி தையல் ஓரமெல்லாம் சின்னச் சின்னதாகக் கொப்பளித்திருந்தது. உள்ளே இருப்பது சுருங்கி, மேலே இருப்பது சுருங்காவிட்டால் இப்படித்தான் இருக்கும். அளவு தப்பாக எடுத்திருந்தால் இரண்டும் சேர்ந்தே இறுகியிருக்கும், இந்தக் கொப்பளம் வராது.

பிறகு அதே ரக லைனிங்கில் புதுத் துணி எடுத்து, 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் சதுரம் பேனாவால் குறித்து, ராத்திரி முழுக்க பக்கெட்டில் ஊறவைத்து, நிழலில் காயப்போட்டு, இஸ்திரி போட்டு அளந்தோம். அகலவாக்கில் 48.5, நீளவாக்கில் 48. அகலத்தில் 3 சதவீதம் என்றால் 36 அங்குல மார்புச் சுற்றளவில் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். நாங்கள் லூசுக்கு விடுவதே ஒரு அங்குலம்தான்!

நீளவாக்கில் 4 சதவீதம் என்பதைப் பார்த்ததும் நோட்டை மறுபடி எடுத்தேன். "இடுப்பு தெரியுது", "பிளவுஸ் மேல ஏறிக்குது" என்று 4 புகாரை வேறு வகையாகப் பிரித்து வைத்திருந்தேன். 14 அங்குல உயரத்தில் அரை அங்குலம் போனால் அப்படித்தான் சொல்வார்கள். வார்த்தை வேறு, வினை ஒன்று.

5. மூலத்தில் கை வைப்பது

லைனிங்கை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும் என்பது எந்தத் தையல்காரருக்கும் தெரியும், எங்கள் கடையிலும் அதுதான் வழக்கம். பின்னே ஐப்பசியில் மட்டும் ஏன்? உதவிக்கு இருக்கும் பெண்ணைக் கேட்டேன், திட்டாமல் கேட்டேன். "மழைல மொட்டை மாடில காயலை அண்ணா, மாஸ்டர் துணி துணின்னு கேட்டுட்டே இருந்தார், அப்படியே கொடுத்துட்டேன்." சென்னையில் வடகிழக்குப் பருவமழையும் தீபாவளி அவசரமும் ஒரே சமயத்தில்தான் வரும், அந்தப் பெண் என்ன செய்வாள்!

"இனிமேல் கட்டாயம் நனைக்கணும்" என்று சுவரில் எழுதி ஒட்டினால் அடுத்த மழையிலும் இதே கதைதான். அதனால் வேலையையே இடம் மாற்றினோம். புரட்டாசி வெயிலில், தீபாவளிக்கு வேண்டிய லைனிங் தான்கள் மொத்தத்தையும் சாயம் ஒட்டாமல் நிறம் நிறமாக ஊறவைத்துக் காயவைத்துவிடுவது. நனைத்தது மட்டும் வெட்டும் மேசைக்குப் பக்கத்து அலமாரியில், நனைக்காதது பரணில். மாஸ்டர் கை நீட்டினால் எட்டுகிற துணி எல்லாமே நனைத்ததாக இருக்கும்.

6. சரியானதா என்று பார்க்கும்போது

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுவார்கள். பிளவுஸ் தைத்து, கட்டி, துவைத்து, புகார் வர ஒன்றிரண்டு மாதம் ஆகும். மாற்றம் செய்த அடுத்த வாரமே புகார் வந்தால் அது பழைய துணியின் புகார். எனவே புகார் வந்த தேதியை விட்டுவிட்டு, தைத்துக் கொடுத்த தேதியை வைத்து எண்ணுங்கள். அடுத்த வருஷ ஐப்பசியில் தைத்ததில் சுருங்கி வந்தது 2. இரண்டுமே வாடிக்கையாளர் தானே லைனிங் வாங்கி வந்து கொடுத்தவை, எங்கள் அலமாரி வழியாக வராத துணி. இப்போது அப்படி வருகிற துணிக்கு டெலிவரி தேதியை ஒரு நாள் தள்ளிக் கொடுக்கிறோம், சிலர் முகம் சுளிக்கிறார்கள், பரவாயில்லை.

நோட்டில் இப்போது முதலிடத்தில் நிற்பது ஹூக் பிய்ந்து வருவது. 9 வந்திருக்கிறது, காரணக் கட்டம் இன்னும் காலி.